கடற்காற்று இன்று எத்தனை மணிக்கு வரும்? காலையிலேயே கணிக்க ஒரு வழிகாட்டி

பள்ளிப் புத்தகத்தில் வந்த அந்தப் படம் நினைவிருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நிலம், நடுவே வட்டமாகச் சுற்றும் அம்புக்குறிகள். பகலில் நிலம் சூடாகும், சூடான காற்று மேலே போகும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இரவில் எல்லாம் தலைகீழ். தேர்வுக்கு அது போதும். ஆனால் கரையில் நின்று பார்க்கத் தொடங்கினால் அந்தப் படம் பதில் சொல்லாத கேள்விகள் வரும். அதே வெயில், அதே கடல். பிறகு ஏன் ஒரு நாள் பத்தரைக்கே காற்று வந்துவிடுகிறது, இன்னொரு நாள் மூன்று மணி வரை புழுங்கவிட்டு வருகிறது, மற்றொரு நாள் வராமலே போகிறது?

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு வெப்பமானி, ஒரு குச்சியில் கட்டிய ரிப்பன், திசை காட்ட ஒரு போன், எழுத ஒரு நோட்டு. இவற்றுடன் காலையில் ஒரு சின்னக் கணக்கும் போட்டால் பெரும்பாலான நாட்களில் காற்று வருமா வராதா என்று சொல்லிவிடலாம். கணக்குக்கு முன், காற்று எப்படிக் கிளம்புகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. பலர் தடுமாறுவது அங்கேதான்.

## முதலில், வெயில் எங்கே போகிறது?

நிலத்தின் மேலும் கடலின் மேலும் ஒரே வெயில்தான் விழுகிறது. நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகம், அதனால் கடல் மெதுவாகச் சூடாகிறது என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது உண்மைதான், ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது.

முக்கியமானது, வெப்பம் எவ்வளவு ஆழத்துக்குப் பரவுகிறது என்பதுதான். மண் வெப்பத்தை மோசமாகக் கடத்தும். காலை முதல் மாலை வரை அடித்த வெயிலின் சூடு, மண்ணுக்குள் சில பத்து சென்டிமீட்டர் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வந்த வெப்பம் எல்லாம் மேல்தோலிலேயே தங்கிவிடுவதால் மணல் கால் வைக்க முடியாதபடி கொதிக்கிறது. கடலில் ஒளி பல மீட்டர் ஆழத்துக்கு நுழைகிறது. அலைகள் மேல் நீரையும் கீழ் நீரையும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலும் செலவாகிவிடுகிறது. ஆகவே கடலின் மேற்பரப்பு பகலுக்கும் இரவுக்கும் பொதுவாக ஒரு டிகிரிகூட மாறுவதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் வசதி ஒன்று: கடல் வெப்பநிலையைத் தினமும் பத்து முறை அளக்க வேண்டியதில்லை. இன்று 28 டிகிரி என்றால் நாளையும் ஏறக்குறைய அதேதான். மாறுவது நிலம், கவனிக்க வேண்டியதும் நிலத்தைத்தான்.

## காற்று கீழே கிளம்பும் முன் மேலே கிளம்புகிறது

இப்போது அந்த அம்புக்குறிப் படத்தைக் கொஞ்சம் திருத்துவோம். "சூடான காற்று மேலே போய் வெற்றிடம் உண்டாகிறது, அதை நிரப்பக் காற்று ஓடி வருகிறது" என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. நடப்பது வேறு.

கரையின் மேல் ஒரு காற்றுத் தூண், கடலின் மேல் ஒரு காற்றுத் தூண் என்று இரண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு இரண்டும் ஒரே மாதிரி. இரண்டின் எடையும் சமம், அடியில் அழுத்தமும் சமம். வெயில் ஏற ஏற நிலத்தின் மேல் உள்ள தூண் சூடாகி மேல்நோக்கி உப்புகிறது. உப்பினாலும் அதில் உள்ள காற்றின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே அடியில் அழுத்தம் இன்னும் மாறவில்லை. தரையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

மேலே போனால் கதை வேறு. 500 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால், நிலத்தின் தூண் உப்பியதால் அதில் முன்பு கீழே இருந்த காற்றில் ஒரு பகுதி இப்போது உங்களுக்கு மேலே இருக்கிறது. தலைக்கு மேல் காற்று கூடினால் அந்த உயரத்தில் அழுத்தம் கூடும். கடலின் மேல் அதே உயரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆக, மேலே நிலத்தின் பக்கம் அழுத்தம் அதிகம், கடலின் பக்கம் குறைவு. காற்று மேலே நிலத்திலிருந்து கடலை நோக்கிச் சரியத் தொடங்குகிறது.

அப்போதுதான் நிலத்தின் தூண் எடை இழக்கிறது. கடலின் தூண் எடை கூடுகிறது. தரையில் அழுத்தம் இறங்குகிறது, கடல் மட்டத்தில் சற்று ஏறுகிறது. இந்த வித்தியாசம்தான் கீழே கடலிலிருந்து கரைக்குக் காற்றைத் தள்ளுகிறது. நிஜத்தில் மேலே ஒன்று முடிந்து கீழே இன்னொன்று தொடங்குவதில்லை. இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நடக்கும். ஆனால் காரணத்தின் வரிசை இதுதான்.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் மனதில் பதியும். நிலத்தின் மேல் 500 மீட்டர் கனமுள்ள காற்று, கடலின் மேல் உள்ளதைவிட 5 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைப்போம். காற்றின் வெப்பநிலை கெல்வினில் சுமார் 300. ஐந்தை 300ஆல் வகுத்தால் அறுபதில் ஒரு பங்கு. 500 மீட்டரில் அறுபதில் ஒரு பங்கு சுமார் 8 மீட்டர். அதாவது நிலத்தின் தூண் 8 மீட்டர் உப்புகிறது. தரைக்கு அருகில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டாபாஸ்கல் குறையும். ஆக, இந்தச் சூட்டினால் அதிகபட்சம் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் சுமார் 1 ஹெக்டாபாஸ்கல்.

மொத்த அழுத்தம் 1010 இருக்கும்போது ஒன்று என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்று இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. அந்தச் சரிவு, தரையின் உராய்வையும் மீறி, மணிக்கு 15 முதல் 30 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றை உண்டாக்கப் போதுமானது. சாதாரணக் கடற்காற்றின் வேகமும் அதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரிவு சிறியதாக இருப்பதால் அதைக் கெடுப்பதும் சுலபம். அன்றைக்குப் பெரிய அளவில் வீசிக்கொண்டிருக்கும் காற்று, அதாவது பருவக்காற்றோ தொலைவில் உள்ள தாழ்வழுத்தத்தின் இழுப்போ, நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பலமாக இருந்தால் கடற்காற்று கரையேற முடியாது. வெப்ப வித்தியாசம் காற்றை உள்ளே தள்ளுகிறது, எதிர்க்காற்று வெளியே தள்ளுகிறது. தினமும் நடப்பது இந்த இழுபறிதான்.

## காலைக் கணக்கு

இந்த இழுபறியை ஒரே எண்ணில் அடக்கிய பழைய முறை ஒன்று உண்டு. 1962இல் பிக்ஸ், கிரேவ்ஸ் என்ற இருவர் வட அமெரிக்காவின் ஈரி ஏரிக் கரைக்காக உருவாக்கியது. பெரிய ஏரிகளின் கரையிலும் இதே மாதிரிக் காற்று வீசும் என்பதால் கடலோரத்துக்கும் அதே சிந்தனை பொருந்துகிறது. எளிமையாக எழுதினால் இப்படி:

```
குறியீட்டெண் = (U × U) ÷ ΔT
```

U என்பது எதிர்க்காற்றின் வேகம், நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில். ΔT என்பது அன்று உள்நாட்டில் எட்டப்போகும் உச்ச வெப்பநிலையிலிருந்து கடல் நீரின் வெப்பநிலையைக் கழித்தால் வருவது. அவர்கள் ஆராய்ந்த கரையில் இந்த எண் 3க்குக் கீழே இருந்த நாட்களில் ஏரிக்காற்று வந்தது. மேலே போன நாட்களில் வரவில்லை. உங்கள் கரையில் அந்த எல்லை இரண்டரையாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் உங்கள் எண் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வேகம் ஏன் இரண்டு முறை பெருக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்க்காற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. வெயிலை மட்டும் பார்த்து "இன்று நல்ல சூடு, காற்று சீக்கிரம் வந்துவிடும்" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். நல்ல சூட்டுக்குக் காரணமே நிலத்திலிருந்து வீசும் பலமான காற்றாக இருக்கலாம். அன்று கடற்காற்று கரையைத் தொடவே தொடாது.

கணக்குக்கு வேண்டிய மூன்று எண்களும் எளிதில் கிடைக்கும். உச்ச வெப்பநிலைக்கு, கரையிலிருந்து 40, 50 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரின் அன்றைய முன்னறிவிப்பைப் பாருங்கள். கரையோர ஊரின் எண்ணை எடுக்காதீர்கள், அதில் ஏற்கெனவே கடற்காற்றின் விளைவு கலந்திருக்கும். கடல் நீரின் வெப்பநிலை வானிலைத் தளங்களில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு வாளி நீரை அள்ளி வெப்பமானியை விட்டால் போதும். எதிர்க்காற்றுக்கு உள்நாட்டில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் வீசும் காற்றை எடுங்கள். விடியற்காலைக் காற்று வேண்டாம், அது இரவின் மிச்சம்.

அருகில் விமான நிலையம் இருந்தால் அதன் வானிலை அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அதில் `27008KT` என்பது போல ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று இலக்கம் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது. 270 என்றால் மேற்கிலிருந்து. அடுத்த இரண்டு இலக்கம் வேகம், நாட் கணக்கில். நாட் கணக்கில் உள்ள எண்ணைப் பாதியாக்கினால் ஏறக்குறைய நொடிக்கு மீட்டர் வந்துவிடும். எட்டு நாட் என்றால் நொடிக்கு நான்கு மீட்டர்.

## ஒரு நாளை முழுதாகப் பார்ப்போம்

வட அரைக்கோளத்தில், கிழக்கே கடல் உள்ள ஒரு கரை என்று வைத்துக்கொள்வோம். கடல் நீர் 28 டிகிரி. உள்நாட்டில் உச்சம் 37 என்று முன்னறிவிப்பு. காலைக் காற்று `27008KT`, அதாவது மேற்கிலிருந்து நொடிக்கு 4 மீட்டர். நான்கை நான்கால் பெருக்கினால் 16. அதை 9ஆல் வகுத்தால் சுமார் 1.8. காற்று வரும். ஆனால் எதிர்க்காற்று இருப்பதால் சீக்கிரமே வராது, கொஞ்சம் தாமதமாகும்.

ஒன்பது மணிக்குக் கரையில் 29 டிகிரி. ரிப்பன் கடலை நோக்கிப் பறக்கிறது. பத்து மணிக்கு 31. பத்தரை முதல் ரிப்பன் தளர ஆரம்பிக்கிறது. இது நல்ல அறிகுறி. எதிர்க்காற்று பலவீனமாகவில்லை, கடலுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு காற்றும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தொலைவில் கடலின் மேல் சிற்றலைகளால் கருத்த ஒரு பட்டை தெரியும், கரைக்கு அருகில் நீர் வழுவழுவென்று பளபளக்கும். அந்தக் கருத்த பட்டை மெல்லக் கரையை நோக்கி நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கடற்காற்று வந்துகொண்டிருக்கிறது.

பதினொன்றுக்கு 33 டிகிரி, காற்றே இல்லை. இந்த அரை மணி நேரம்தான் அன்று கரையில் தாங்க முடியாத நேரம். பதினொன்று நாற்பதுக்கு ரிப்பன் ஒரு முறை சுழன்று, நிலத்தின் பக்கம் திரும்பிப் படபடக்கிறது. அடுத்த அறிக்கையில் `10012KT`. பன்னிரண்டுக்கு வெப்பமானி 31 காட்டுகிறது. உச்சி வெயில் நேரத்தில் வெப்பநிலை இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது. காற்றில் உள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளி 21லிருந்து 25க்கு ஏறியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் நம்பகமான சாட்சி. காற்றுத் திசை வேறு பல காரணங்களால் மாறும். மேகம் மறைத்தால்கூட வெப்பம் இறங்கும். ஆனால் திசை கடல் பக்கம் திரும்புவது, வெப்பம் இறங்குவது, பனிப்புள்ளி ஏறுவது ஆகிய மூன்றும் பத்து, இருபது நிமிடங்களுக்குள் சேர்ந்து நடந்தால் அது கடற்காற்றின் முகப்பு, அதாவது அதன் முன்விளிம்பு, உங்களைக் கடந்த நேரம். நோட்டில் அந்த நேரத்தைத்தான் எழுத வேண்டும். ஒப்பீட்டு ஈரப்பதத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெப்பம் இறங்கினாலே அது தானாக ஏறிவிடும். பனிப்புள்ளி ஏறினால் மட்டுமே புதிய ஈரக்காற்று வந்திருக்கிறது என்று பொருள்.

சரி, இதே நாளில் எதிர்க்காற்று நொடிக்கு 7 மீட்டராக இருந்திருந்தால்? ஏழேழு 49, அதை 9ஆல் வகுத்தால் ஐந்துக்கு மேல். கடற்காற்று கடலிலேயே நின்றுவிடும். கரையிலும் 37 டிகிரி கொளுத்தும். அல்லது காற்று அதே நான்கு மீட்டர், ஆனால் நாள் முழுக்க மேகமூட்டம், உச்சம் 31தான் என்றால்? பதினாறை மூன்றால் வகுத்தாலும் ஐந்துக்கு மேல். அன்றும் வராது. வராமல் போனது ஒன்றுதான், காரணங்கள் இரண்டும் நேரெதிர்.

## முகப்பு உள்ளே போகிறது

கரையைக் கடந்த பிறகு கடற்காற்று ஒரு குளிர்ந்த ஆப்பு மாதிரி, சூடான காற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டே போகும். அதன் தடிமன் பொதுவாக 500 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை. அதற்கு மேலே கடலை நோக்கித் திரும்பும் காற்று இருக்கும். அது பலவீனமானது, பெரிய அளவில் வீசும் காற்றில் கலந்து பெரும்பாலும் அடையாளமே தெரியாது.

நம் உதாரணத்தில் முகப்பு மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 15 கிலோமீட்டர் உள்ளே இருப்பவருக்கு ஒன்று பத்துக்குக் காற்று கிடைக்கும். 40 கிலோமீட்டரில் இருப்பவர் மூன்று நாற்பது வரை காத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் ஒருவர் 31 டிகிரியில் இருக்கும்போது இன்னொருவர் 37இல் வேகிறார். உள்ளே ஒரு நண்பர் இருந்தால் அவரையும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். இரண்டு நேரமும் தூரமும் கிடைத்தால் முகப்பின் வேகம் கிடைத்துவிடும், மூன்றாவது ஊருக்கு எப்போது போகும் என்றும் சொல்லலாம்.

வானத்தையும் பாருங்கள். முகப்பு முட்டும் இடத்தில் சூடான காற்று தூக்கி எறியப்படுவதால் கரைக்கு இணையாக ஒரு வரிசையில் திரள் மேகங்கள் எழும். அந்த வரிசைக்குக் கடல் பக்கம் வானம் தெளிவாக இருக்கும். பருந்துகள் இறக்கை அசைக்காமல் ஒரே கோட்டில் வட்டமிடுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இரண்டு பக்கமும் கடல் உள்ள தீபகற்பத்தில் இரண்டு முகப்புகள் நடுவே மோதிக்கொள்ளும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை அத்தனை அடிக்கடி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதிர்க்காற்று மிதமாக இருக்கும் நாளில் முகப்பு தாமதமாக வந்தாலும் கூர்மையாக வரும். ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். மாறாக, பெரிய காற்றே கடலிலிருந்துதான் வீசுகிறது என்றால் முகப்பு என்று எதுவும் தெரியாது. காலையிலிருந்தே கடல் பக்கக் காற்று, மதியம் அது கொஞ்சம் பலக்கிறது, அவ்வளவுதான். புதிதாகக் கவனிப்பவர்கள் இந்த நாட்களையும் கடற்காற்று நாள் என்று எழுதிவிடுவார்கள். இரவிலும் அதே திசையில் அதே வேகத்தில் வீசினால் அது கடற்காற்று அல்ல, பெரிய காற்று. நாளுக்குள் ஏறி இறங்கும் பகுதி மட்டுமே வெப்ப வித்தியாசத்தின் வேலை.

## மாலையில் காற்று ஏன் சாய்கிறது

கடலைப் பார்த்தபடி நில்லுங்கள். நண்பகலில் முகத்துக்கு நேராக அடித்த காற்று, மாலை நெருங்க நெருங்க வலது கைப் பக்கமிருந்து வரத் தொடங்கும். கிழக்குப் பார்த்த நம் கரையில் கிழக்குக் காற்று தென்கிழக்காகி, ஐந்து மணிக்கு அறிக்கை `15010KT` என்று காட்டும். பூமி சுழல்வதால் உண்டாகும் கொரியாலிஸ் விசை, வட அரைக்கோளத்தில் நகரும் காற்றை அதன் வலது பக்கம் திருப்புகிறது. காற்று நம்மை நோக்கி வருவதால் அதன் வலது, நம் இடது. அதனால் அது இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கமிருந்து வருவதாகத் தெரிகிறது. தென் அரைக்கோளத்தில் இது மறுபக்கம். பூமத்தியரேகைக்கு மிக அருகில் திருப்பம் கண்ணுக்கே படாது. சில மணி நேரம் வீசினால்தான் இந்த விசை தன் வேலையைக் காட்ட முடியும் என்பதால், தாமதமாக வந்த காற்றில் திருப்பமும் குறைவாகவே இருக்கும்.

சூரியன் மறையும் வாக்கில் கரையில் காற்று தளர்ந்து ஓய்கிறது. இதில் ஒரு வேடிக்கை: கரையில் காற்று நின்றுபோன பிறகும், உள்ளே போன முகப்பு பயணத்தை நிறுத்துவதில்லை. வெப்பமான பகுதிகளின் சமவெளிகளில் அது இரவு வரைகூட நகர்ந்து, கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்ச் சேரும். அங்கே இருப்பவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு வரும் அந்தச் சிலுசிலுப்பு கடலின் காற்று என்றே தோன்றாது.

## இரவுப் பக்கம்

அப்புறம் நிலக்காற்று. இது பகல் படத்தின் தலைகீழ் என்றாலும் கண்ணாடிப் பிம்பம் அல்ல. மிக மெலிந்தது. ஏன் என்று அறிய அதே கணக்கை மறுபடி போடலாம்.

பகலில் தரையின் சூடு காற்றைக் கொதிக்கும் நீர்போலக் கிளறி, பல நூறு மீட்டர் உயரம் வரை கொண்டு போகிறது. இரவில் தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே படுத்துக்கொள்ளும். மேலே உள்ள காற்றோடு கலக்காது. எனவே குளிர்ந்த படலம் நூறு மீட்டரைத் தாண்டுவதே பெரிய விஷயம். கடலை விட 4 டிகிரி குளிர்ந்த 100 மீட்டர் படலம் என்றால், 100ஐ 4ஆல் பெருக்கி 300ஆல் வகுக்க, தூண் சுருங்குவது 1.3 மீட்டர்தான். பகலில் கிடைத்த 8 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு. அழுத்த வித்தியாசமும் அப்படியே ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் நிலக்காற்று நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது. ரிப்பன்கூடச் சில நேரம் அசையாது; ஊதுவத்திப் புகைதான் காட்டிக்கொடுக்கும்.

மாலையில் கடற்காற்று நின்றதும் நிலக்காற்று தொடங்கிவிடாது. நிலம் கடலைவிடக் குளிர்ந்தாக வேண்டும். நம் உதாரணத்தில் கரையின் காற்று 28க்குக் கீழே இறங்க இரவு ஒன்பது, பத்து ஆகலாம். அதுவரை காற்றில்லாத புழுக்கம். பிறகு மெல்லத் தொடங்கி, நிலம் மிகக் குளிர்ந்திருக்கும் விடியலுக்குச் சற்று முன் உச்சம் பெறும். சூரியன் எழுந்த பிறகும் ஓரிரு மணி நேரம் நீடிக்கும். காலை ஒன்பதுக்குப் பார்த்த மேற்குக் காற்றில் ஒரு பகுதி இதன் வால்தான். அதனால்தான் கணக்குக்கு விடியற்காலைக் காற்றை எடுக்கக் கூடாது என்று சொன்னேன்.

வானம் மேகமாக இருந்தால் நிலம் வெப்பத்தை இழக்காது, நிலக்காற்று வராது. பகலில் மழை பெய்து மண் நனைந்திருந்தாலும் பலவீனமாகும். கரைக்குப் பின்னால் மலை இருந்தால் சரிவில் வழியும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து, எதிர்பார்த்ததைவிடப் பலமாக வீசும். அதை முழுவதும் நிலக்காற்று என்று கணக்கில் எழுதினால் எண்கள் ஒத்துவராது.

நிலக்காற்றுக்கும் முகப்பு உண்டு, ஆனால் அது கடலுக்குள் போய்விடுகிறது. குளிர்ந்த நிலக்காற்று, கடலின் மேல் உள்ள சூடான ஈரக்காற்றைத் தூக்குவதால், விடியற்காலையில் கரைக்கு வெளியே ஒரு மேக வரிசை நிற்கும். சில நாட்களில் அது மழையாகவும் மின்னலாகவும் தெரியும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். பாய்மரப் படகுகள் விடிவதற்கு முன் புறப்பட்டுப் பிற்பகலில் கரை திரும்பியதும் இந்த இரண்டு காற்றையும் நம்பித்தான்.

காலையில் கடலில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலக்காற்று வீசும்போது கரையோரம் அலை தட்டையாக, குளம்போல இருக்கும். பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் காற்றடைத்த மிதவைகளையும் சின்னப் பலகைகளையும் அதே காற்று சத்தமில்லாமல் வெளியே கொண்டு போகும். தள்ளிப் போகப் போகக் கரையின் மறைப்பு இல்லாததால் காற்று கூடும். ரிப்பன் கடல் பக்கம் பறந்தால் மிதவையை எடுக்காதீர்கள்.

## கணக்கு தப்பும் இடங்கள்

ஒரு மாதம் எழுதினால் சில நாட்கள் கணக்கு காலை வாரும். பெரும்பாலும் எதிர்க்காற்றின் திசையில்தான் பிழை இருக்கும். காற்று கரைக்கு நேரெதிராக இல்லாமல் இணையாக வீசும் நாளில் முழு வேகத்தையும் சூத்திரத்தில் போட்டால் எண் வீணாகப் பெரிதாகும். கரைக்கு எதிராக உள்ள பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். காற்று 45 டிகிரி சாய்வாக வந்தால் வேகத்தில் பத்தில் ஏழு பங்கு போதும்.

அடுத்தது போன் முன்னறிவிப்பு. அதன் பின்னால் உள்ள கணினி மாதிரிகள் உலகைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. ஒரு கட்டம் பத்து, இருபது கிலோமீட்டர் அகலம் என்றால், கரை அதன் நடுவில் விழும்போது பாதி நிலமும் பாதி கடலும் சேர்ந்த ஓர் ஊர் அதற்குத் தெரியும். காற்று வரும் நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் தவறுவது இதனால் சகஜம். உங்கள் நோட்டில் இருபது நாட்கள் எழுதியிருந்தால், அந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கமா என்று பாருங்கள். பக்கம் தெரிந்தால் கூட்டியோ கழித்தோ சரிசெய்துகொள்ளலாம்.

கடைசியாகக் கரையின் வடிவம். கடலுக்குள் நீட்டியிருக்கும் முனையில் இரண்டு பக்கக் காற்றும் உள்ளே சேர்ந்து குவியும், அங்கே மேகம் சீக்கிரம் எழும். வளைகுடாவின் உட்புறத்தில் காற்று விரிந்து பிரிவதால் அதே நாளில் அங்கே மெலிவாகத் தெரியும். வேறொரு கரையில் உட்கார்ந்து எழுதியவரின் எல்லை எண் உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.